அக்டோபர் 1-க்குப் பாட வருகிறவர்களுக்கு: ஏழு சீரும் ஒரு வெறுந்தட்டும்

முதியோர் நாளுக்கு இல்லங்களுக்குப் பாட வரும் கல்லூரித் தம்பி தங்கைகளுக்கும், அவர்களுக்கு நாளும் நேரமும் ஒதுக்கித் தரும் இல்லப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். ஐ.நா. சபை 1990-இல் அறிவித்து, 1991 முதல் அக்டோபர் 1 முதியோர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்றைக்கு எந்த இல்லத்தைப் பார்த்தாலும் வாசலில் ஒரு கல்லூரிப் பேருந்து நிற்கும். ஒலிபெருக்கி இறங்கும், பழைய படப்பாட்டு நாலு ஒலிக்கும், கேக் வெட்டுவார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் அவர்கள் பாடியிருக்க மாட்டார்கள், பாட்டு அவர்கள் முன்னால் நடந்திருக்கும், அவ்வளவுதான். பாட வைக்க வேண்டும் என்று வந்து பாடிக் காட்டிவிட்டுப் போவதில் உங்கள் மனத்தில் குறை ஒன்றும் இல்லை. குறை பாட்டின் கட்டமைப்பில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

படப்பாட்டிலிருந்தே தொடங்குவோம். 1943-இல் பிறந்தவருக்குப் பதினைந்து வயதிலிருந்து இருபத்தைந்து வரை என்றால் 1958 முதல் 1968 வரை. பாட்டு ஒட்டிக்கொள்ளும் வயது அதுதான். ஆகவே ‘பழைய பாட்டு’ என்று நீங்கள் 1980-களிலிருந்து எடுத்து வருவது அவருக்குப் பிள்ளைகள் கேட்ட பாட்டு. சரி, ஆண்டைத் திருத்திக்கொண்டு 1962-க்கே போனாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. படப்பாட்டு ஒற்றைப் பாடகருக்காகக் கட்டியது. அவர் குரல் மேல் ஷட்ஜத்தைத் தாண்டிப் போய்த் திரும்பும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் இசைக்குழு வாசிக்கும் இடம் உண்டு. இசைக்குழு இல்லாமல் பாடும்போது அந்த இடத்தில் கூட்டம் விழித்துக்கொண்டு நிற்கும். சரணம் யாருக்கும் முழுதாக நினைவு இருக்காது, பாடும் உங்களுக்கும் சேர்த்துத்தான். பல்லவியை மட்டும் எடுத்து, சுருதியை நன்றாக இறக்கி, மூன்று முறை பாடினால் படப்பாட்டும் ஓடும். அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

கூட்டமாகப் பாடுவதற்கென்றே கட்டிய வடிவம் நம்மிடம் இருக்கும்போது வேறு ஏன் தேட வேண்டும்? கும்மியைச் சொல்கிறோம்.

கும்மியின் அடியை எண்ணிப் பாருங்கள். ஓர் அடிக்கு ஏழு சீர். சீருக்கு ஒரு தட்டு என்று கைதட்டிக்கொண்டு போனால் எட்டாவது தட்டில் சொல் இருக்காது, கை மட்டும் தட்டும். அந்த வெறுந்தட்டில்தான் வட்டத்தில் ஆடுகிறவள் மூச்சு வாங்கிக்கொள்வாள். ஒவ்வொரு சீருக்குள்ளும் மும்மூன்று எழுத்தாக நடை போகும், ஒற்றெழுத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்றில் போவதால் உடம்பு தானாக ஆடும். எண்பது வயதில் வட்டம் சுற்ற முடியாது. ஆனாலும் இந்த ஆட்டமும் அந்த வெறுந்தட்டும் உட்கார்ந்த இடத்திலேயே கிடைக்கும்.

இனி மெதுவாக்குவது. முதலில் தவறு நடக்கும் இடம் இதுதான். ‘வயசானவங்க, மெதுவாப் பாடுவோம்’ என்று ஒரு பாட்டை அப்படியே இழுத்தால் சொல் புரியும், மூச்சு போதாது. வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு வரிக்கு வேண்டிய மூச்சு இரண்டு மடங்காகிறது. எட்டு வினாடி நீளமுள்ள வரியை இருபது வயது நுரையீரல் ஒரே மூச்சில் பாடிவிடும். கூன் விழுந்து, மார்புக்கூடு இறுகிப்போன ஒருவர் மூன்று நான்கு வினாடியில் நின்றுவிடுவார். வரிக்கு நடுவில் நின்றவர் அடுத்த வரியில் சேரமாட்டார், ஏனென்றால் எங்கே போய்ச் சேர்வது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே வேகத்தைக் குறைக்கும்போதே வரியையும் வெட்ட வேண்டும். கும்மி அடியை இரண்டாகப் பிளந்து, முன் நான்கு சீரைப் பாட்டெடுப்பவர் பாட, பின் மூன்று சீரையும் வெறுந்தட்டையும் கூட்டத்துக்கு விட்டுவிடுவதே எளிய வழி.

அப்படிக் கட்டிய ஒரு பாட்டு இதோ. சாயங்காலக் காப்பி வருவதற்குச் சற்று முன்னால் பாட வேண்டியது.

வந்தது வந்தது வாசலிலே – காப்பி வாசம் தான்
கொட்டை வறுத்தது சட்டியிலே – காப்பி வாசம் தான்
சுற்றி அரைத்தது மெஷினிலே – காப்பி வாசம் தான்
சொட்டுது சொட்டுது பில்டரிலே – காப்பி வாசம் தான்
பாலது பொங்குது அடுப்பிலே – காப்பி வாசம் தான்
ஆத்தி எடுத்தது தம்ளரிலே – காப்பி வாசம் தான்
ஊதிக் குடிக்கலாம் திண்ணையிலே – காப்பி வாசம் தான்

கவிதையாகப் பார்த்தால் இதில் ஒன்றும் இல்லை என்பீர்கள். உண்மைதான், இருக்கவும் கூடாது. வரிக்கு வரி உவமை இருந்தால் கேட்பவர் உவமையை யோசித்துக்கொண்டிருப்பார், வாய் நின்றுவிடும்.

முதல் அடியைத் தட்டுத் தட்டாகப் பிரித்தால் இப்படி வரும்:

வந்-த-து | வந்-த-து | வா-ச-லி | லே – –
காப் – பி | வா – சம் | தான் – – | (வெறுந்தட்டு)

மேல் வரி பாட்டெடுப்பவருக்கு, கீழ் வரி எல்லோருக்கும். மேலே பத்து எழுத்து, கீழே ஐந்துதான். சொற்சுமை முழுவதும் உங்கள் பக்கம். அவர்கள் பக்கத்தில் ‘கா’, ‘வா’, ‘தா’ என்று மூன்று ஆகாரம், ஒவ்வொன்றும் தட்டின் மேலேயே விழுகிறது. காது மந்தமானவர்களுக்கு முதலில் போவது கூர்மையான ஓசைகள். ‘ச’வும் ‘ஸ’வும் மங்கிவிடும், உயிரெழுத்து நிற்கும். ‘வாசம்’ என்பதில் ‘ச’ கேட்காவிட்டாலும் ‘வா’ கேட்டுவிட்டால் அவர் உள்ளே வந்துவிடுவார். பல்செட்டைக் கழற்றி வைத்தவருக்கும் இந்த ஐந்து எழுத்தில் தடுக்கும் இடம் அதிகம் இல்லை. பில்டரை ‘பில்டர்’ என்றே எழுதியிருப்பதும் இதனால்தான். ‘ஃப’ போட்டுப் பாடினால் உங்கள் வாய்க்கு அழகாக இருக்கும், அவர்கள் வீட்டில் அது பில்டர்தான்.

பின்பாதி ஏழு அடியிலும் மாறவே மாறாது. ‘நான் பாடுறேன், நீங்க திருப்பிப் பாடுங்க’ என்ற முறையில் ஒவ்வொரு புது வரியையும் கூட்டம் சில வினாடி நினைவில் பிடித்து வைத்திருக்க வேண்டும். மறதி நோய் உள்ளவருக்கு அந்தச் சில வினாடிதான் ஓட்டை. மாறாத பதில் வரி அவரிடம் எதையும் பிடித்து வைக்கச் சொல்வதில்லை. நாலாவது தடவையில் அது அவர் வாயில் இருக்கும், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லாதவருக்கும். பாட்டெடுப்பவர்களுக்குத்தான் சலித்துப் போகும். ஐந்தாவது அடியில் ‘காப்பி வாசம் தான்’ என்பதை ‘காப்பி ரொம்ப ஜோர்’ என்று மாற்றிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். மாற்றினீர்கள் என்றால் அதுவரை சேர்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் அந்த இடத்திலேயே இறங்கிவிடுவார்கள்.

முன்பாதி எல்லாம் ‘லே’யில் முடிவதற்கும் காரணம் உண்டு. அதுதான் மணி. ‘லே’ என்று நீண்டு கேட்டதும் அடுத்தது தங்கள் முறை என்று இரண்டாவது அடிக்குள் காது பழகிவிடும். கண்ணால் பார்த்து, கையால் சாடை காட்டி, ‘ம், இப்போ!’ என்று கூவி அழைக்க வேண்டியதில்லை. பார்வை மங்கியவர்களுக்குச் சாடை தெரியாது, ‘லே’ தெரியும்.

மெட்டுக்கு ஐந்து சுரத்துக்கு மேல் போக வேண்டாம். ஸ, ரி, க, ப என்ற நாலே போதும் (சங்கராபரணத்து ரி, க).

ஸ ஸ ரி | க க க | க ரி க | ப – –
ப – க | ரி – ரி | ஸ – – | (வெறுந்தட்டு)

உங்கள் பாதி ‘ப’வில் போய் நிற்கிறது, அவர்கள் பாதி அதே ‘ப’வில் தொடங்குகிறது. இது தற்செயல் இல்லை. தொடங்கும் சுரம் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போது தேட வேண்டியதில்லை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பிறகு ப, க, ரி, ஸ என்று இறங்குவது மட்டும்தான். மூச்சு தீரத்தீரக் குரல் கீழே இறங்குவதுதான் உடம்புக்கு இயல்பு. மூச்சு தீரும் இடத்தில் மேலே ஏறச் சொல்லும் மெட்டு இந்த வயதில் உடையும்.

சுருதி ஆறு கட்டை. பெண்களுக்கு வயதாக ஆகக் குரல் தடித்துக் கீழே வரும். ஆண்களுக்குச் சில நேரம் மெலிந்து சற்று மேலே போகும். ஆறு கட்டையில் ஸ முதல் ப வரை என்றால் பெண்களுக்கு நடுக் குரலின் கீழ்ப்பகுதி, ஆண்களுக்கு ஒரு ஸ்தாயி இறங்கி அதே இடம். இரு பக்கமும் கஷ்டம் இல்லை. சுருதி சரியில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ‘காப்’ என்ற முதல் எழுத்தில் சத்தம் குறைந்து ‘தானி’ல் கூடினால் சுருதி அதிகம், அரைக்கட்டை இறக்குங்கள். ‘காப்பி’ நன்றாகக் கேட்டு ‘தான்’ முணுமுணுப்பாகக் கரைந்தால் குறைவு, அரைக்கட்டை ஏற்றுங்கள். பாட்டெடுப்பவர் ஆணாக இருந்தால் பக்கத்தில் ஒரு பெண் குரலை உட்கார வையுங்கள். ஆண் குரலைக் கேட்டு எந்த ஸ்தாயியில் எடுப்பது என்று தெரியாமல் பாட்டிமார் முதல் இரண்டு அடியை விட்டுவிடுவார்கள்.

வேகம் நிமிடத்துக்கு 56 தட்டு. கடிகார நொடிமுள்ளை விடக் கொஞ்சமே மெது. ஓர் அடி முழுவதும் எட்டரை வினாடி, அதில் கூட்டம் பாடுவது மூன்று வினாடிச் சொச்சம், பிறகு ஒரு வினாடி மூச்சு. முற்றத்தில் ஆடும் கும்மி ஏறத்தாழ இதைப்போல் இரண்டு மடங்கு வேகம். அதற்காக 40-க்கு இறக்கிவிடாதீர்கள். அந்த வேகத்தில் மும்மை நடை உதிர்ந்துவிடும், தட்டுக்குத் தட்டு தொடர்பு அறுந்து, உடம்பு ஆடுவது நின்று, பாட்டு பாடம் ஒப்பிப்பது போல ஆகிவிடும்.

56-இல் தொடங்குவது எளிது, 56-இல் முடிப்பதுதான் கடினம். இளையவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஏழாவது அடிக்குள் 75-ஐத் தொட்டுவிடும், யாருக்கும் தெரியாமலே. தெரிந்துகொள்ள ஓர் அடையாளம் இருக்கிறது. ஓடும் பாட்டில் முதலில் செத்துப்போவது வெறுந்தட்டு. ‘தான்’ முடிந்த கையோடு பாட்டெடுப்பவர் அடுத்த ‘கொட்டை’யைத் தொடங்கிவிடுவார். மூச்சு வாங்க வேண்டிய இடம் போய்விட்டதால் ஓர் அடி விட்டு ஓர் அடிதான் கூட்டத்தால் பாட முடியும். நீங்களோ ‘ஏன் குரல் குறையுது, பாட்டி சத்தமா!’ என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருப்பீர்கள். இதற்கு மருந்து, குழுவில் ஒருவரைப் பாடவே விடாமல் எட்டாவது தட்டுக்கு மட்டும் பொறுப்பாக்குவது. அவர் வட்டத்தின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, அந்த ஒரு தட்டை மட்டும் தொடையில் ஓங்கித் தட்ட வேண்டும். அவர் தட்டும் ஓசை கேட்டபின்தான் அடுத்த அடி. ஒத்திகையில் கைப்பேசி மெட்ரோனோமை 56-இல் வைத்துப் பாடிப் பாருங்கள். முதல் தடவை எல்லோருக்கும் எரிச்சலாக இருக்கும், அதுதான் சரியான வேகம்.

ஜால்ரா கொண்டு வராதீர்கள். பஜனைக்கு அழகுதான், ஆனால் காதுக்கருவி போட்டவருக்கு அந்தக் கணீர் ஊசியாய் இறங்கும். வயதான காதுக்கு ஒரு வினோதம் உண்டு. மெல்லிய ஓசை கேட்காது, கொஞ்சம் கூட்டினால் உடனே வலிக்கும். கேட்பதற்கும் வலிப்பதற்கும் நடுவில் இடைவெளி குறுகிப்போயிருக்கும். ‘கேட்கலை போலிருக்கு’ என்று ஒலிபெருக்கியைக் கூட்டும்போது அதனால்தான் சிலர் கருவியையே கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார்கள். இருபது பேர் வரை மைக் தேவையே இல்லை. அதற்கு மேல் என்றால் எக்கோவை முழுவதும் அணைத்துவிட்டு, உட்கார்ந்தவர் காது உயரத்தில் பெட்டியை வையுங்கள். கரோக்கி தடம் வேண்டவே வேண்டாம். தடம் யாருக்காகவும் காத்திருக்காது.

கையில் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றினால், ஓரம் வழவழப்பாகத் தேய்த்த கொட்டாங்கச்சி இரண்டு போதும். மூட்டுவாதம் உள்ளவருக்கு அதுவும் வேண்டாம், தொடையில் தட்டட்டும். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவருக்கு நாற்காலிக் கைப்பிடி இருக்கிறது. கையில் ஊசிக்குழாய் குத்தியிருப்பவர் தட்ட வேண்டாம், கால் அசைத்தால் போதும்.

பாட்டில் இரண்டு இடம் கைக்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது. ‘சுற்றி அரைத்தது மெஷினிலே’ என்றதும் மேசை விளிம்பில் திருகி மாட்டிய பழைய காப்பி மெஷினின் கைப்பிடியைச் சுற்றுவது போல ஒரு சுற்று. ‘ஆத்தி எடுத்தது தம்ளரிலே’ என்றதும் டபராவிலிருந்து தம்ளருக்கு ஊற்றுவது. நீங்கள் செய்துகாட்டினால் போதும், செய்யச் சொல்ல வேண்டாம். பேசாதவர் சிலர் இந்த இடத்தில் சரியாக மணிக்கட்டைத் திருப்புவார்கள், ஆற்றிய கை அது. ஆனால் உங்களில் யாராவது உற்சாகத்தில் டபராவைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு கஜம் ஆற்றிக்காட்டுவீர்கள். அதைப் பார்த்து அவர்களும் தூக்குவார்கள், தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். கை மார்பு உயரத்தைத் தாண்டக் கூடாது.

தொடங்கும் விதம். ‘இப்போ ஒரு பாட்டுச் சொல்லித் தரப் போறோம்’ என்று அறிவிக்க வேண்டாம். சொல்லித் தருவது என்றதும் பலருக்கு வாய் கட்டிப்போகும். சும்மா தட்டை மட்டும் தொடங்குங்கள், இரண்டு சுற்று, பதினாறு தட்டு. பிறகு பின்பாதியை மட்டும் நாலு முறை பாடுங்கள், முன்பாதிக்கான நாலு தட்டை வெறுமனே விட்டுவிட்டு. மூன்றாவது முறை யாராவது சேர்ந்திருப்பார்கள். அதன்பிறகு முதல் அடி இரண்டு தரம், அடுத்த அடி இரண்டு தரம் என்று போகலாம். ஏழு அடியும் இரட்டித்து முடிய இரண்டு நிமிடம் ஆகும், தொடக்கத்தையும் சேர்த்தால் மூன்று நிமிடத்துக்குள். உடனே மறுபடி முதலிலிருந்து. நடுவில் ‘சூப்பர்!’ சொல்லிக் கைதட்டினால் தட்டின் ஓட்டம் அறுந்துவிடும், அதை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

உங்களில் கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ‘தான்’ மூன்று எண்ணிக்கை நீள்கிறது, அதில் ஒரு கமகம் வைக்கலாம் என்று தோன்றும். வைக்காதீர்கள். அது ஸ, நேராக, அவ்வளவுதான்.

வரிகளை அச்சடித்து ஆளுக்கொரு தாள் கொடுக்கும் வழக்கமும் வேண்டாம். தாள் கைக்கு வந்ததும் தலை குனியும், கண்ணாடி தேடப்படும், குனிந்த கழுத்தில் குரல் நசுங்கும். ஒரு வெள்ளைச் சார்ட்டில் ‘காப்பி வாசம் தான்’ என்ற மூன்று சொல்லை மட்டும் கறுப்பில் உள்ளங்கை அகல எழுத்தாக எழுதி எதிரே வைத்தால் போதும். முன்பாதி அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. மூன்றாவது சுற்றில் சிலர் அதையும் சேர்ந்து பாடுவார்கள், நல்லதுதான்.

இனி பொறுப்பாளர்களுக்கு. நாற்காலிகளைப் பேருந்து வரிசையாகப் போடாமல் அரைவட்டமாகப் போட்டு வையுங்கள். பாட்டெடுப்பவரும் உட்கார்ந்துதான் பாட வேண்டும், அவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். அவருக்குப் பின்னால் சன்னல் இருந்தால் முகம் இருண்டு, உதட்டைப் பார்த்துச் சொல் பிடிப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. காது மந்தமானவர் முன்வரிசையில். கால் தரையில் பதிய வேண்டும், எட்டாதவருக்கு ஒரு பலகை. தொலைக்காட்சியை அணையுங்கள். வெயில் நாளில் மின்விசிறியை நிறுத்தச் சொல்ல முடியாது, வேகத்தைக் குறைத்தால் போதும். மதியச் சாப்பாடு முடிந்த அரைமணிக்குள் யாரையும் பாட உட்கார வைக்காதீர்கள்.

பாட வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவையும் சில இருக்கின்றன. எந்தச் சமயத்தவர் எத்தனை பேர், யாருக்குச் சமீபத்தில் இழப்பு, யாரை எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும். முப்பது வருடம் பள்ளியில் இருந்தவருக்குப் ‘பாட்டி’ என்பதை விட ‘டீச்சர்’ பிடிக்கலாம். சிலர் ஆச்சி, சிலர் அம்மா, சிலரை அய்யா என்றுதான் அழைக்க வேண்டும். பாடல் பட்டியலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். தாலாட்டு மெதுவானது, எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் எல்லாக் குழுவும் முதலில் அதைத்தான் எடுக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஒருவராவது அந்த அறையில் இருப்பார். அதோடு பெரியவர்களைத் தூங்கவைப்பது போல ஒரு தோற்றமும் அதில் இருக்கிறது. நலுங்குப் பாட்டும் அப்படித்தான். கைம்பெண்களை மணவறைப் பக்கம் வரவிடாத வீடுகளிலிருந்து வந்தவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். சிலருக்கு அது இனிக்கும், சிலருக்குக் குத்தும். அவர்களாகக் கேட்டால் பாடுங்கள், தொடக்கப் பாட்டாக வேண்டாம். வேலைப் பாட்டு, தின்பண்டம், சந்தை, மழை இவற்றில் யாருக்கும் காயம் இல்லை.

பாடாதவர்களை விட்டுவிடுங்கள். வாய் திறக்காதவரின் கட்டைவிரலைப் பாருங்கள், போர்வைக்குள் கால் நுனியைப் பாருங்கள். தட்டு அங்கே இருந்தால் அவர் பாட்டில்தான் இருக்கிறார். மைக்கை முகத்துக்கு நேராக நீட்டுவது எந்தப் பயனும் தராது. பக்கவாதத்தில் பேச்சு இழந்த ஒருவர் சில நேரம் ‘காப்பி வாசம் தான்’ என்பதைத் தெளிவாகப் பாடிவிடுவார். மெட்டோடு வரும் சொல்லுக்கு மூளையில் வேறு வழியும் உண்டு, அதனால் இது நடக்கும். உடனே எல்லோரும் சூழ்ந்துகொண்டு ‘இப்போ பேசிக் காட்டுங்க’ என்று கேட்காதீர்கள். பேச வராது, பாடியதன் மகிழ்ச்சியும் போய்விடும். யாராவது அழுதால் பாட்டை நிறுத்த வேண்டியதில்லை, பக்கத்தில் ஒருவர் போய் உட்கார்ந்தால் போதும். ஆனால் காதைப் பொத்துவது, எழுந்து எழுந்து உட்காருவது, முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பது என்றால் சத்தம் அவருக்குத் தாங்கவில்லை என்று பொருள். அவரைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போவதற்கு முன், பாட்டைப் பாதிச் சத்தத்துக்கு இறக்கிப் பாருங்கள்.

முழு நிகழ்ச்சியும் அரைமணிதான். இதைப் போல நாலைந்து பாட்டு, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சுற்று. அதற்கு மேல் போனால் முதலில் களைப்பது கழுத்து, பிறகு குரல்.

காப்பி எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பதும் தெரியும். அந்தக் காலத்தில் காப்பி எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை. கம்பு விளைந்த ஊர்க்காரர்கள் அதிகம் இருக்கும் இல்லத்தில் பின்பாதியைக் ‘கூழு வாசம் தான்’ என்று வையுங்கள், எழுத்துக் கணக்கு அதேதான். முன்பாதிக்கு ‘கம்பு இடித்தது உரலிலே’, ‘மோரில் கரைத்தது சட்டியிலே’ என்று போகலாம். அங்கே இருப்பவர்களிடமே கேளுங்கள்: கம்பை எப்படிப் புடைப்பது, எத்தனை நாள் புளிக்கவிடுவது? சொல்லும் பதிலிலேயே மூன்று அடி கிடைத்துவிடும். எழுத்தை எண்ணும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: முதல் மூன்று சீருக்கும் மும்மூன்று எழுத்து, நாலாவது சீர் ‘லே’ மட்டும். ‘டபராவிலே’ என்று வைத்தால் ஓர் எழுத்து கூடிப்போய்த் தட்டை இடறும். அதனால்தான் மேலே அது தம்ளர் ஆயிற்று.

கடைசியாகச் சமையலறையைப் பற்றி. காப்பியைப் பற்றி ஐந்தாறு நிமிடம் பாடினால் எல்லோருக்கும் காப்பி வேண்டும். பாட்டு நாலு மணிக்கு முடிகிறது என்றால் நாலு மணி ஐந்து நிமிடத்துக்குத் தம்ளர் கையில் இருக்க வேண்டும். ஐந்து மணிக்குத்தான் காப்பி என்றால் இந்தப் பாட்டை ஐந்துக்கு முன்னால் தள்ளிவையுங்கள். சர்க்கரை இல்லாதது யாருக்கு, விழுங்கச் சிரமப்படுவதால் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டியது யாருக்கு, குழாய் வழி உணவு யாருக்கு என்ற பட்டியல் செவிலியரிடம் இருக்கும். வாயால் எதுவும் சாப்பிடக் கூடாதவர் ஒருவராவது வட்டத்தில் இருந்தால் அன்றைக்குக் காப்பிப் பாட்டு வேண்டாம், வேறு பாட்டு எடுங்கள். காப்பி வந்தபின் பாட்டை மறுபடி தொடங்கவும் கூடாது. வாயில் காப்பியோடு ‘தான்’ இழுத்தால் புரையேறும்.

இப்படிக்கு,
முதியோர் இல்லங்களில் பாட்டு நேரம் நடத்தும் சிலர்

பி.கு.: வரிகளை உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள யாரிடமும் கேட்க வேண்டாம். எட்டாவது தட்டை மட்டும் நிரப்பிவிடாதீர்கள்.